கோவையா, பேய்ப்புடலா? படத்தில் பார்க்க வேண்டியவை

வேலியில் படர்ந்திருக்கும் கொடியில் விரல் நீளத்தில் பச்சைக் காய்கள் தொங்குகின்றன. காயின் மேல் காம்பிலிருந்து நுனி வரை வெள்ளை வரிகள் ஓடுகின்றன. இலை ஐந்து மூலையாக இருக்கிறது. இந்த மூன்று அடையாளங்களும் கோவைக்காய்க்குப் பொருந்தும். பேய்ப்புடலுக்கும் அப்படியே பொருந்தும். முதலாவது பொரியலுக்கு உரியது. இரண்டாவதைச் சமைத்துச் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். கைபேசியில் எடுத்த படத்தை வைத்து “இது கோவைதானே?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இலையையும் காயையும் மட்டுமே படம் எடுத்திருப்பார்கள். அந்தப் படத்தில் எதைத் தேடினால் விடை கிடைக்கும், எது கிடைக்காவிட்டால் விடை சொல்லக் கூடாது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

கோவையின் தாவரவியல் பெயர் காக்சினியா கிராண்டிஸ். வெள்ளரி, புடலை, பீர்க்கு, சுரை எல்லாம் அடங்கிய பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணுக்கடியில் கிழங்கு போன்ற வேர் உள்ள பல்லாண்டுக் கொடி என்பதால் கோடையில் மேற்பகுதி வாடினாலும் ஒரு மழைக்குப் பின் மறுபடி துளிர்க்கும். இந்தக் குடும்பத்தில் நம் வேலிகளிலும் புதர்களிலும் தானாக முளைக்கும் கசப்புக் கொடிகள் பல உண்டு. அவற்றில் கோவையோடு குழப்பிக்கொள்ளத் தக்கவை முக்கியமாக மூன்று: பேய்ப்புடல், ஐவிரலி, குறட்டை. ஆகாச கருடனும் தும்மட்டியும் அவ்வப்போது குழப்பத்தில் சேர்ந்துகொள்ளும். இவற்றுள் பேய்ப்புடலே மிகவும் ஏமாற்றுவது. ஆகவே அதையே விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

முதலில் இலை. எல்லோரும் முதலில் பார்ப்பது இலையின் வடிவத்தைத்தான். ஆனால் வடிவத்தை நம்பியே பலர் தவறுகிறார்கள். கோவை இலை ஒரே கொடியிலேயே பல வடிவம் எடுக்கும். ஓர் இலை கிட்டத்தட்ட முழுதாக, ஐந்து மூலை மட்டும் தெரிவதாக இருக்கும். அதற்கு இரண்டு கணு தள்ளி இன்னோர் இலை ஆழமாகப் பிளந்து ஐந்து மடலாக நிற்கும். பேய்ப்புடலின் இலையும் மூன்று முதல் ஏழு மடல் வரை மாறிக்கொண்டே போகும். இரண்டுக்கும் அடிப்பகுதி இதய வடிவில் உள்வாங்கியிருக்கும். எனவே மடல்களை எண்ணிப் பார்ப்பதால் எதுவும் உறுதியாகாது.

இலையில் உண்மையிலேயே உதவுவது அதன் மேற்பரப்பு. கோவை இலை வழவழப்பானது. தடவினால் மயிர் தட்டாது. வெயிலில் எடுத்த படத்தில் அந்த வழவழப்பு லேசான பளபளப்பாகத் தெரியும். பேய்ப்புடலின் இலையும் இளந்தண்டும் மென்மையான மயிர் போர்த்தியவை. இலையைச் சூரியனுக்கு எதிராகப் பிடித்து ஓரத்தைப் படம் எடுத்தால் அந்த மயிர்கள் ஒளிக்கீற்றாக ஓரமெங்கும் தெரியும். கோவை இலையின் ஓரம் அப்போது சுத்தமான கோடாக இருக்கும்; ஆங்காங்கே சிறு பல் போன்ற புள்ளிகள் மட்டும் தெரியும். இதோடு இன்னோர் அடையாளமும் உண்டு. கோவை இலையைத் திருப்பி, காம்பு இலையோடு சேரும் இடத்தை நெருக்கமாகப் பார்த்தால் நரம்புகளின் இடையே சில சிறிய சுரப்பிகள் தட்டையான புள்ளிகளாகத் தெரியும். கைபேசியின் நெருக்கப் படத்தில் இவை விழும். ஆனால் அடிப்பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை என்பதால் இந்த நல்ல அடையாளம் பெரும்பாலும் வீணாகிறது. பேய்ப்புடலின் இலையைக் கசக்கினால் ஒருவித கெட்ட வாடை வரும். அதைப் படம் சொல்லாது. கொடிக்கு அருகில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

இலையைவிட உறுதியான சாட்சி ஒன்று உண்டு. அதுவே பற்றுக்கம்பி. கொடி வேலியையோ கிளையையோ பிடித்துக்கொள்ள ஒவ்வொரு கணுவிலும், இலைக்காம்பின் பக்கத்திலிருந்து கிளம்பும் சுருள் கம்பி இது. கோவையின் பற்றுக்கம்பி கிளை விடாது. கணுவில் தொடங்கி நுனிவரை ஒற்றை இழையாகவே போய்ச் சுருளும். பேய்ப்புடலின் கம்பி கிளம்பிச் சிறிது தூரத்தில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். ஐவிரலியின் கம்பி இரண்டாகப் பிரியும். குறட்டையிலும் கிளைத்த கம்பிதான். அதாவது கோவையோடு அதிகம் குழப்பப்படும் மூன்று கொடிகளையும் இந்த ஒரே அடையாளம் விலக்கிவிடும். இலை எப்படி இருந்தாலும், காய் எவ்வளவு ஒத்திருந்தாலும், பற்றுக்கம்பி பிரிந்திருந்தால் அது சமையலுக்குரிய கோவை இல்லை என்று தள்ளிவிடலாம்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. கம்பி ஒற்றையாக இருப்பதால் மட்டும் அது கோவை ஆகிவிடாது. முசுமுசுக்கை, தும்மட்டி, ஆகாச கருடன் ஆகியவற்றின் கம்பியும் ஒற்றைதான். அடுத்து, முற்றிய கம்பிகள் சில ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்வதால் இரண்டு கொடிகளின் கம்பிகள் ஒரே கம்பி கிளைத்ததுபோல் படத்தில் தெரியலாம். இதைத் தவிர்க்க, இன்னும் எதையும் பற்றிப் பிடிக்காத இளங்கம்பியை, அது கணுவில் தொடங்கும் இடத்தோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். கொடியின் நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது கணு இதற்கு வசதி.

அடுத்தது காய். பச்சைக் காய்களை மட்டும் வைத்துப் பார்த்தால் கோவையும் பேய்ப்புடலும் நெருங்கிய உறவு போலத் தெரியும். இரண்டும் சுமார் ஐந்து சென்டிமீட்டர் நீளம் வரும், இரண்டிலும் வெள்ளை வரி உண்டு. நுனியைப் பாருங்கள். கோவைக்காய் நடுவில் பருத்து இரு முனையிலும் மெல்லக் குறுகி மழுங்கலாக முடியும். பேய்ப்புடலின் நுனி அலகுபோல் கூர்ந்து நீளும். கோவையில் காம்புப் பக்கமும் நுனிப் பக்கமும் ஏறக்குறைய ஒத்திருக்கும். பேய்ப்புடலில் காம்புப் பக்கம் உருண்டு, நுனி மட்டும் இழுத்ததுபோல் இருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இந்த வேறுபாடு அடியோடு மறைந்துவிடும். காயைப் பக்கவாட்டில், முழு நீளமும் தெரியும்படி எடுத்த படம்தான் எதையாவது சொல்லும்.

குறுக்காகவும் நெடுக்காகவும் அறுத்த காயின் படம் இன்னும் நன்றாகப் பேசும். கோவைக்காயின் உள்ளே வெளிர்பச்சைச் சதையில் சிறிய, தட்டையான வெளிர்நிற விதைகள் நிறைய அடுக்கியிருக்கும். பேய்ப்புடலின் விதைகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைவு. முற்றியவை சொரசொரத்து ஓரம் நெளிந்து இருக்கும். புடலங்காய் விதையைப் பார்த்தவர்களுக்கு அந்த நெளிந்த ஓரம் உடனே பிடிபடும். காரணம் எளிது. நாம் சமைக்கும் புடலங்காயும் பேய்ப்புடலும் ஒரே இனம். தோட்டத்தில் மனிதர் நீளம் பார்த்தும் கசப்பில்லாததைத் தேர்ந்தும் வளர்த்தது புடலங்காய், புதரில் தன் கசப்போடேயே நின்றது பேய்ப்புடல்.

பழுத்த பிறகு மற்ற இரண்டு கொடிகளும் வெளிப்பட்டுவிடும். கோவைப்பழம் பழுத்தால் வெள்ளை வரிகள் மறைந்து முழுக்க ஒரே செக்கச்சிவப்பாகும். சிவந்த இதழுக்குக் கொவ்வைக் கனியை ஒப்புச் சொல்லும் வழக்கம் இந்த நிறத்தால்தான் வந்தது. ஐவிரலியின் பழம் சிவந்த பிறகும் அதன்மேல் வெள்ளை வரிகள் அப்படியே நிற்கும். தவிர, அது உருண்டையானது, ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே இருக்கும்; கிட்டத்தட்டக் காம்பே இல்லாமல் ஒரே கணுவில் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். கோவைக்காய் தனக்கென ஒரு காம்பில் தனித்துத் தொங்கும். குறட்டையின் பழம் உருண்டு பெருத்து, சிவப்பின்மேல் ஆரஞ்சு நிற வரி ஓடுவதாக இருக்கும். அது வேலியோடு நிற்காமல் மரத்தின் உச்சிவரை ஏறும் பெருங்கொடி. ஆகாச கருடனின் காய் சிறியது. பழுக்கும்போது நடுப்பகுதி மட்டும் சிவந்து, அடியும் அலகு போன்ற நுனியும் பச்சையாகவே நிற்கும். தும்மட்டி தரையில் படரும், பூ மஞ்சள், பழுத்தாலும் சிவக்காமல் மஞ்சளாகும். இந்த வண்ண வேறுபாடுகள் எல்லாம் பழுத்த பின்புதான் தெரியும். ஆனால் சமையலுக்குப் பறிப்பது பச்சைக் காயை என்பதால் அதே கொடியில் ஒரு பழமாவது பழுத்திருக்கிறதா என்று தேடிப் படம் எடுப்பது அவசியம்.

பூ கிடைத்தால் ஐயம் பெரும்பாலும் தீரும். கோவைப் பூ வெள்ளை, ஐந்து இதழ் மடலாக விரிந்த மணி போன்றது. ஓரத்தில் இழை எதுவும் இருக்காது. பேய்ப்புடலின் பூவும் வெள்ளைதான். ஆனால் ஒவ்வொரு இதழின் ஓரமும் நூல் நூலாகக் கிழிந்து தொங்கும். அது இரவில் மலர்வது. பகலில் எடுத்த படத்தில் சுருண்டு வாடிய நூல் கட்டாகவே தெரியும். அந்த வாடிய நூல் கட்டும் ஓர் அடையாளம்தான், அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஐவிரலியின் பூ சிறியது, பச்சை கலந்த மஞ்சள். கோவையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் கொடி பூக்கும், காய்க்காது. பேய்ப்புடலில் ஒரே கொடியில் இரண்டு வகைப் பூவும் வரும். ஆகவே காய் தொங்கும் கொடியிலேயே, பூவடியில் பிஞ்சு இல்லாத ஆண் பூக்கள் ஒரு காம்பில் வரிசையாகத் தெரிந்தால் அது கோவையாக இருக்க வாய்ப்பில்லை.

இவற்றை ஒரு படத் தொகுப்பில் பொருத்திப் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு முள்வேலியில் எடுத்த மூன்று படங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் படத்தில் வேலி முழுக்கப் பச்சையாகக் கொடி மூடியிருக்கிறது. இரண்டாவதில் ஒரு வழவழப்பான ஐந்து மூலை இலை. மூன்றாவதில் வரியுள்ள இரண்டு பச்சைக் காய்கள், பக்கத்தில் ஒரு விரல். காய் நீளத்தில் விரலின் பாதிக்குச் சற்று அதிகம். இலையும் காயும் கோவைக்குப் பொருந்துகின்றன என்று பலரும் முடிவு செய்துவிடுவார்கள். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காயின் நுனி கூர்ந்து நீண்டிருப்பது தெரிகிறது. காய்க்குப் பின்னால் ஒரு பற்றுக்கம்பி, கணுவிலிருந்து சிறிது தள்ளி இரண்டாகப் பிரிகிறது. காயின் காம்புக்குப் பக்கத்தில் உள்ள தண்டின் ஓரத்தில் மயிர்கள் ஒளியில் மின்னுகின்றன. இரண்டாவது படத்தின் இலையோ வழவழப்பானது. இரண்டும் ஒரே கொடியில் இருக்க முடியாது.

அங்கே நடந்திருப்பது இதுதான்: வேலியில் இரண்டு கொடிகள் பின்னிக் கிடக்கின்றன. இலை கோவையுடையது, காய் பேய்ப்புடலுடையது. படம் எடுத்தவர் பொய் சொல்லவில்லை. அழகாகத் தெரிந்த இலையையும் கைக்கு எட்டிய காயையும் எடுத்திருக்கிறார். இலை, காய் படங்களை வைத்து வரும் தவறான முடிவுகளில் இந்தக் கொடிக் கலப்பு மிக எளிதாக நேர்வது. அதற்கு மருந்து ஒன்றே. காயைப் பிடித்துக்கொண்டு அதன் காம்பு சேரும் கணுவுக்குப் போக வேண்டும். அந்தக் கணுவிலேயே உள்ள இலையும் பற்றுக்கம்பியும் காயும் ஒரே படத்தில் விழ வேண்டும். அந்த ஒரு படம், தனித்தனியாக எடுத்த பத்துப் படங்களைவிடப் பயனுள்ளது. அதோடு இலையின் அடிப்பக்கம், பக்கவாட்டில் முழுக்காய், அறுத்த காய், கிடைத்தால் பூவும் பழமும் இருந்தால் போதும். அளவு தெரிய ஒரு நாணயத்தையோ தீக்குச்சியையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். விரலின் பருமன் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அது நல்ல அளவுகோல் ஆகாது. நேர் வெயிலிலும் ஃபிளாஷ் வெளிச்சத்திலும் வரிகள் வெளுத்து மறைந்துவிடும். நிழலில், பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் வரியும் மயிரும் சரியாகத் தெரியும்.

காலமும் ஒரு சிறு உதவி. பேய்ப்புடல் மழையோடு முளைத்து, காய்த்து, அந்தப் பருவத்தோடு காய்ந்து போகும் ஓராண்டுக் கொடி. கோடையிலும் அதே இடத்தில் தண்டு தடித்து நிற்கும் கொடி என்றால் பேய்ப்புடலாக இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் ஐவிரலிக்கும் கிழங்கு வேர் உண்டு என்பதால் காலத்தை மட்டும் நம்பிப் பறிக்கக் கூடாது.

இத்தனையும் சரியாகப் பொருந்தி, கொடி கோவைதான் என்று உறுதியானாலும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அதற்குப் படத்தில் விடையே இல்லை. கோவையிலேயே கசப்பது உண்டு. சந்தைக்கு வரும் கோவைக்காய், கசப்பில்லாத பெண் கொடிகளின் தண்டை வெட்டி நட்டு வளர்த்தது. தாய்க்கொடியின் குணம் அதில் மாறாமல் வரும். வேலியில் நிற்பது பறவை தின்று போட்ட விதையில் முளைத்தது. விதையில் வந்த கொடி ஆணாகவும் இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம். கசக்கும் கோவையும் கசக்காத கோவையும் இலையிலும் காயிலும் பூவிலும் ஒன்றுதான். பார்வையால் பிரிக்க வழியில்லை.

அதனால் படத்தின் வேலை முடிந்த இடத்தில் நாக்கின் வேலை தொடங்குகிறது. இந்த வரிசையை மாற்றக் கூடாது. கொடி எது என்று தெரியாத நிலையில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. கோவை என்று உறுதியான பிறகு, காயை அறுத்து ஒரு மெல்லிய துண்டை நுனிநாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பி, வாய் கொப்பளிக்க வேண்டும். கசப்பில்லாத கோவை வெள்ளரிபோல் சப்பென்று, லேசான புளிப்போடு இருக்கும். கசப்பு தட்டினால் அந்தக் கொடியின் காய் எதையும் சமையலுக்கு எடுக்கக் கூடாது. வெவ்வேறு கொடிகளில் பறித்த காய்கள் கலந்திருந்தால் ஒரு காயைச் சோதித்துப் பயனில்லை; கொடிக்கு ஒன்றாவது சோதிக்க வேண்டும். அதற்காகவே வேலியில் பறிப்பவர்கள் ஒவ்வொரு கொடியின் காயையும் தனித்தனிப் பையில் போடுவது நல்லது.

இந்தக் கசப்புக்குக் காரணமான பொருள்களுக்குக் குக்குர்பிட்டசின்கள் என்று பெயர். செடி தன்னைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள உருவாக்குபவை. வேகவைத்தாலும் வறுத்தாலும் இவை அழிவதில்லை. உப்பு நீரில் ஊறவைப்பதோ, புளி கூட்டுவதோ, மசாலா தூக்கலாகப் போடுவதோ சுவையை மறைக்குமே ஒழிய நஞ்சை நீக்காது. கசப்பு என்றாலே சர்க்கரைக்கு நல்லது என்ற எண்ணமும் இங்கே ஆபத்தானது. பாகற்காயின் கசப்புப் பொருள்கள் வேறு வகை. அதைத் தின்று பழகியவர்கள் அதே துணிவோடு கசக்கும் சுரையையோ பேய்ப்புடலையோ தொடக் கூடாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் இந்தியாவிலேயே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு அதை ஆராய்ந்து, கசக்கும் சுரைச் சாற்றை அருந்தவே கூடாது என்று அறிவுறுத்தியது. கோவையின் உறவான கொடிகளுக்கும் அதே எச்சரிக்கையை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

சித்த மருத்துவத்தில் பேய்ப்புடலும் குறட்டையும் மருந்துச் சரக்குகளாக வழங்குகின்றன என்பது உண்மை. ஆனால் அவை சுத்தி செய்து, அளவு பார்த்து, வைத்தியர் கொடுப்பவை. பொரியல் சட்டியில் போகும் அளவு அதுவல்ல.

சமைத்த பிறகு ஒரு வாய் கசந்தால் அப்போதே துப்பிவிட்டு, சட்டி முழுவதையும் கொட்ட வேண்டும். நல்ல துண்டுகளைப் பொறுக்கி எடுப்பதில் பயனில்லை, கசப்பு எண்ணெயிலும் நீரிலும் கலந்திருக்கும். தின்ற பிறகு வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தொடங்கலாம். வாந்தியில் இரத்தம் தெரிந்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கலாம். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. உடலிலிருந்து போன நீரை ஈடுகட்டி இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சை. எனவே வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது மிச்சமிருக்கும் காய் ஒன்றையும், பற்றுக்கம்பியோடு கூடிய கொடித்துண்டு ஒன்றையும் கையோடு கொண்டுபோனால், எதைத் தின்றார் என்று மருத்துவர் ஊகிக்க வேண்டியிருக்காது.